0.1 + 0.2 போட்டா 0.3 வரலையா? கம்ப்யூட்டர் கணக்கில் வரும் குட்டிப் பிழையும், 28 பேர் உயிரிழந்த அந்த இரவும்!

1991 பிப்ரவரி 25. வளைகுடாப் போர் முடிய இன்னும் சில நாள்களே இருந்தன. சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்க ராணுவத்தினர் தங்கியிருந்த கட்டடத்தின் மீது இராக் ஏவிய ஸ்கட் ஏவுகணை வந்து விழுந்தது. 28 பேர் உயிரிழந்தனர்.

அந்தப் பகுதியைக் காக்க பேட்ரியாட் ஏவுகணை எதிர்ப்பு அமைப்பு அங்கே இருந்தது. ஓடிக்கொண்டும் இருந்தது. ஆனால் அன்றிரவு அது ஒரு ஏவுகணையைக் கூட ஏவவில்லை.

காரணம் என்ன? அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகச் செயல்படும் தணிக்கை அமைப்பு 1992-ல் வெளியிட்ட அறிக்கை, அந்தக் கம்ப்யூட்டர் நேரத்தைக் கணக்கிட்ட விதத்தைக் காரணமாகச் சொன்னது. இன்னும் சுருக்கமாகச் சொன்னால், 0.1 என்ற எண்ணை அந்த கம்ப்யூட்டரால் சரியாக எழுதி வைக்க முடியவில்லை.

பத்தில் ஒரு பங்கு. நான்காம் வகுப்பு மாணவருக்கே தெரிந்த எண். அதை எழுத கம்ப்யூட்டருக்கு என்ன கஷ்டம்? வாங்க, பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன சோதனை

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் இதுதான் வருகிறது:

```
>>> 0.1 + 0.2
0.30000000000000004
>>> 0.1 + 0.2 == 0.3
False
```

இரண்டாவது வரியைக் கவனியுங்கள். 'இந்தக் கூட்டுத்தொகையும் 0.3-ம் ஒன்றா?' என்று கேட்டால், 'இல்லை' என்கிறது கம்ப்யூட்டர். இது பைத்தானின் குறை இல்லை. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டும் இதே விடையைத்தான் தரும்.

உடனே உங்கள் மொபைல் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தால் 0.3 என்றுதான் காட்டும். ஏன் தெரியுமா? கால்குலேட்டர் செயலிகள் கடைசி இலக்கங்களை ஒதுக்கிவிட்டுக் காட்டும், அல்லது நம்மைப் போலவே பத்தின் அடிப்படையில் கணக்குப் போடும்படி எழுதப்பட்டிருக்கும். எக்செல் போன்ற செயலிகளும் 15 இலக்கங்களுக்கு மேல் காட்டுவதில்லை. அதனால் பிழை உள்ளே இருந்தாலும் நம் கண்ணில் படாது.

கம்ப்யூட்டரிடம் இருப்பது பாதிப் பாதியான எடைக்கற்கள்தான்

நாம் எண்களைப் பத்தின் அடிப்படையில் எழுதுகிறோம். கம்ப்யூட்டரோ இரண்டின் அடிப்படையில், 0, 1 என்ற இரண்டே குறிகளால் எழுதுகிறது. இதுதான் பைனரி முறை.

முழு எண்களுக்கு இதில் சிக்கலே இல்லை. சிக்கல் பின்னத்தில்தான். புள்ளிக்குப் பிறகு நம் முறையில் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று இடங்கள் வரும். பைனரியில் அரை, அதில் பாதி கால், அதில் பாதி அரைக்கால், அதில் பாதி வீசம் என்று போய்க்கொண்டே இருக்கும். பழைய தமிழ்க் கணக்கில் நம் தாத்தா பாட்டி சொன்ன அதே பின்னங்கள்தான்!

இப்போது ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தராசு இருக்கிறது. ஆனால் எடைக்கற்கள் எல்லாம் பாதிப் பாதியாக மட்டுமே இருக்கின்றன: 500 கிராம், 250, 125, 62.5, 31.25, 15.625... இப்படி. ஒவ்வொரு கல்லும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. நீங்கள் போய், 'நூறு கிராம் கொடுங்க' என்கிறீர்கள். அதாவது ஒரு கிலோவில் 0.1.

கடைக்காரர் என்ன செய்வார்? 125 கிராம் கல் அதிகம், வேண்டாம். 62.5-ஐ வைக்கிறார். அதோடு 31.25. மொத்தம் 93.75 கிராம். அடுத்து 15.625-ஐ வைத்தால் நூறைத் தாண்டிவிடும். 7.8125-ம் தாண்டிவிடும். 3.90625-ஐ வைக்கலாம், 97.65625 ஆகிறது. அடுத்த கல்லையும் வைக்கலாம், 99.609375 ஆகிறது. மறுபடி இரண்டு கல்லை விட்டுவிட்டு, அடுத்த இரண்டை வைக்க வேண்டும்...

கவனித்தீர்களா? இரண்டு கல் வை, இரண்டு கல் விடு, இரண்டு கல் வை, இரண்டு கல் விடு. இது முடியவே முடியாது. நூறு கிராமை நெருங்கிக்கொண்டே இருக்கலாமே தவிர, தொட முடியாது. பைனரியில் 0.1-ஐ எழுதினால் இதே தாளம்தான் வரும்:

```
0.000110011001100110011001100...
```

ஏன் முடியாது?

இதில் மர்மம் எதுவும் இல்லை. நம் முறையிலும் இப்படி நடக்கிறது. ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.3333 என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு ரூபாயை மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 33 பைசா போக ஒரு பைசா மிஞ்சும். யாரும் கணக்கில் தப்பு செய்யவில்லை. பத்து என்பது 2 × 5. அதில் 3 இல்லை. அதனால் மூன்றில் ஒரு பங்கைப் பத்தின் முறையில் முடித்து எழுத முடியாது.

பைனரியில் இருப்பது 2 மட்டுமே. 0.1 என்பது பத்தில் ஒன்று, பத்துக்குள் ஒரு 5 இருக்கிறது. அந்த 5-ஐ இரண்டுகளை வைத்து சமாளிக்க முடியாது. அதே சமயம் 0.5, 0.25, 0.75 எல்லாம் அரை, கால், முக்கால் என்பதால் கம்ப்யூட்டரில் துல்லியமாக உட்காரும். 0.1 முதல் 0.9 வரை உள்ள ஒன்பது எண்களில் துல்லியமாக எழுத முடிந்தது 0.5 ஒன்று மட்டும்தான்.

ஃப்ளோட்டிங் பாயின்ட் என்றால் என்ன?

முடிவே இல்லாத எண்ணை எங்காவது வெட்டித்தானே ஆக வேண்டும்? எங்கே வெட்டுவது என்பதற்கு ஒரு விதி இருக்கிறது.

இன்றைய மொபைல், லேப்டாப் எல்லாவற்றிலும் ஐ.இ.இ.இ. 754 என்ற தர விதி பின்பற்றப்படுகிறது. 1985-ல் வந்தது. இதன்படி வழக்கமான ஒரு தசம எண்ணுக்கு 64 பிட் இடம் கிடைக்கும். அதில் எண்ணின் இலக்கங்களுக்கு 53 பிட் துல்லியம். நம் கணக்கில் சுமார் 15, 16 இலக்கங்கள். மீதி இடத்தில் பெரும்பகுதி, புள்ளி எங்கே நிற்கிறது என்று குறித்து வைப்பதற்கு.

எண் பெரியதா, சிறியதா என்பதைப் பொறுத்து புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் ஃப்ளோட்டிங் பாயின்ட், அதாவது மிதக்கும் புள்ளி என்று பெயர். கோள்களுக்கு இடையிலான தூரத்தையும் அணுவின் அகலத்தையும் ஒரே அளவு இடத்தில் எழுத முடிவது இதனால்தான்.

53 பிட்டுக்குள் அடங்காத எண்ணை, அடங்கக்கூடிய மிக அருகிலுள்ள எண்ணாக கம்ப்யூட்டர் மாற்றிக்கொள்ளும். இதற்கு ரவுண்டிங் என்று பெயர். உண்மையான எண்ணுக்கும் எழுதி வைத்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரவுண்டிங் பிழை.

நீங்கள் 0.1 என்று டைப் செய்தால் உள்ளே பதிவாவது ஏறத்தாழ இது:

```
0.1000000000000000055511
```

0.1-ஐ விட துளி அதிகம். 0.2-ம் அப்படியே, துளி அதிகமாகப் பதிவாகிறது. இரண்டையும் கூட்டும்போது கிடைக்கும் தொகை, கம்ப்யூட்டரால் எழுதக்கூடிய இரண்டு பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு நட்டநடுவில் வந்து விழுகிறது. நடுவில் விழுந்தால் கடைசி பிட் 0-வில் முடியும் எண்ணை எடு என்பது விதி. இங்கே மேலே உள்ள எண்தான் அப்படி முடிகிறது. ஆனால் நேரடியாக 0.3 என்று டைப் செய்தால் கீழே உள்ள எண்தான் அருகில் இருக்கிறது, அது பதிவாகிறது. ஆக, நமக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டும் கம்ப்யூட்டருக்குப் பக்கத்து வீட்டு எண்கள். அதனால்தான் 'இரண்டும் ஒன்றில்லை' என்று சொன்னது.

வித்தியாசம் புள்ளிக்குப் பிறகு 17-வது இலக்கத்தில். இவ்வளவு சின்ன பிழையா ஒரு ஏவுகணையைத் தவறவிடும்? சரியான கேள்வி. தஹ்ரானுக்குத் திரும்பிப் போவோம்.

பேட்ரியாட் கடிகாரத்தில் நடந்தது என்ன?

பேட்ரியாட் கம்ப்யூட்டரில் இருந்தது 64 பிட் இல்லை. 1970-களில் வடிவமைக்கப்பட்ட அந்த கம்ப்யூட்டரில் கணக்குக்குக் கிடைத்த இடம் 24 பிட்தான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 0.1 அதில் பதிவானது மிதக்கும் புள்ளியாக அல்ல, புள்ளி ஒரே இடத்தில் நிற்கும் பழைய முறையில். ஆனால் நோய் ஒன்றேதான்: முடிவில்லாத எண்ணை வெட்டியாக வேண்டும். அங்கே அருகிலுள்ள எண்ணைத் தேடவும் இல்லை. இடம் தீர்ந்ததும் மிச்சத்தை அப்படியே வெட்டிவிட்டார்கள்.

அதனால் 0.1 என்பது அங்கே சுமார் 0.0999999046 ஆகப் பதிவானது. குறைந்தது 0.000000095 மட்டுமே.

அந்த அமைப்பின் கடிகாரம், இயக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து பத்தில் ஒரு விநாடிக்கு ஒரு முறை எண்ணிக்கொண்டே வரும். விநாடியாக மாற்ற, அந்த எண்ணிக்கையை 0.1-ஆல் பெருக்கும். எண்ணிக்கை முழு எண், அதில் பிழையே இல்லை. பெருக்கிய அந்த 0.1-ல்தான் பிழை.

தஹ்ரானில் இருந்த அமைப்பு அன்று 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தப்படாமல் ஓடியிருந்தது. 100 மணி நேரத்தில் எத்தனை பத்தில் ஒரு விநாடிகள்?

```
100 × 60 × 60 × 10 = 3600000
3600000 × 0.000000095 = 0.342
```

அதாவது கடிகாரம் விநாடியில் மூன்றில் ஒரு பங்கு பின்தங்கிவிட்டது. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். ஆனால் ஸ்கட் ஏவுகணை ஒரு விநாடியில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் பாயும். தணிக்கை அறிக்கையின் கணக்குப்படி, 100 மணி நேரத்துக்குப் பிறகு ஏற்படும் விலகல் 687 மீட்டர்.

பேட்ரியாட் ரேடார் ஒரு பொருளைக் கண்டதும், 'அடுத்த முறை இது இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும்' என்று கணக்கிட்டு வானில் ஒரு சிறு பகுதியைக் குறித்துக்கொள்ளும். அங்கே மறுபடி தென்பட்டால்தான் அது ஏவுகணை. தென்படவில்லை என்றால் முதலில் கண்டது பொய்யான சமிக்ஞை என்று விட்டுவிடும். அன்றிரவு நடந்தது இதுதான். ரேடார் தவறான இடத்தில் பார்த்தது. அங்கே எதுவும் இல்லை. அதனால் ஏவவும் இல்லை.

பாதி திருத்தம், முழு ஆபத்து

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். ஏவுகணை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அறிய, தேவைப்படுவது இரண்டு நேரங்களுக்கு இடையிலான வித்தியாசம்தானே? இரண்டு நேரங்களும் ஒரே அளவு பின்தங்கியிருந்தால், கழிக்கும்போது பிழை தானாகவே போய்விடாதா?

கிட்டத்தட்ட போய்விடும். உதாரணத்துக்கு 5 விநாடி இடைவெளி என்றால் 50 எண்ணிக்கை. முதலில் கழித்துவிட்டு அந்த 50-ஐ மட்டும் வெட்டுப்பட்ட 0.1-ஆல் பெருக்கினால், நேரப் பிழை ஒரு விநாடியின் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏவுகணையின் இடத்தில் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான்.

அப்படியானால் 687 மீட்டர் எப்படி வந்தது? கணிதவியலாளர் ராபர்ட் ஸ்கீல் 1992-ல் இதை விளக்கினார். வேகமான ஏவுகணைகளைக் கையாள, நேரத்தை இன்னும் துல்லியமாக மாற்றும் முறை ஒன்று மென்பொருளில் பின்னர் சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் அது தேவையான எல்லா இடங்களிலும் சேர்க்கப்படவில்லை. அதனால் ஒரு நேரம் துல்லியமாகவும், இன்னொரு நேரம் பழைய பிழையோடும் வந்தது. கழித்தபோது பிழை போகவில்லை. 100 மணி நேரம் சேர்ந்த மொத்தப் பிழையும் அப்படியே விடையில் வந்து நின்றது.

பாதி இடத்தில் செய்த திருத்தம், திருத்தாமல் விட்டதை விட மோசமாகிப்போனது.

முன்பே தெரியாதா?

தெரிந்திருந்தது என்பதுதான் வேதனை. பிப்ரவரி 11-ம் தேதியே இஸ்ரேல் தரப்பிலிருந்து தகவல் வந்தது. 8 மணி நேரம் தொடர்ந்து ஓடினாலே ரேடார் பார்க்கும் பகுதி விலகத் தொடங்குகிறது என்பது அதில் தெரிந்தது. 20 மணி நேரத்தில் இலக்கு அந்தப் பகுதியை விட்டே வெளியேறிவிடும் என்பது பின்னர் கணக்கிடப்பட்டது. திருத்திய மென்பொருள் பிப்ரவரி 16-ம் தேதி வெளியிடப்பட்டது.

பிப்ரவரி 21-ம் தேதி, 'மிக நீண்ட நேரம்' ஓட்டினால் விலகல் ஏற்படலாம் என்று களத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி போனது. ஆனால் மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி நேரம் என்று அதில் சொல்லவில்லை.

மென்பொருள் வரும் வரை வழியே இல்லையா? இருந்தது. அமைப்பை ஒரு முறை நிறுத்தி மீண்டும் இயக்கினால் போதும். கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், சேர்ந்த பிழையும் போய்விடும். அதற்கு ஆகும் நேரம் 60 முதல் 90 விநாடிகள்.

திருத்திய மென்பொருள் தஹ்ரான் வந்து சேர்ந்தது பிப்ரவரி 26-ம் தேதி. ஒரு நாள் தாமதம்.

இன்று 64 பிட் இருக்கே, இனி பயமில்லையா?

அதே 100 மணி நேரக் கணக்கை இன்றைய 64 பிட் 0.1-ஐ வைத்துப் போட்டால், 0.1-ல் உள்ள பிழை ஒரு விநாடியின் ஐயாயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கே வளரும். ஏவுகணையின் இடத்தில் அது ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. ஆக, பெரும்பாலான வேலைகளுக்கு இந்தப் பிழை ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் இரண்டு இடங்களில் இன்றும் வம்பு வரும்.

ஒன்று, 'சமமா?' என்று கேட்கும் இடம். 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 1 வர வேண்டும். கம்ப்யூட்டரில் வருவது இது:

```
>>> t = 0.0
>>> for i in range(10):
...     t = t + 0.1
...
>>> t
0.9999999999999999
```

'1 வந்ததும் நிறுத்து' என்று புரோகிராம் எழுதியிருந்தால் அது நிற்கவே நிற்காது, 1-ஐத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் தசம எண்களில் சமமா என்று கேட்கக் கூடாது. 'இவ்வளவு வித்தியாசத்துக்குள் இருக்கிறதா?' என்றுதான் கேட்க வேண்டும். பைத்தானில் இதற்கென்றே `math.isclose` இருக்கிறது.

இரண்டாவது, பணம். பில் தொகையையும் கணக்கு இருப்பையும் ஒரு பைசா விடாமல் ஒப்பிட்டாக வேண்டும். இங்கே தீர்வு எளிது: ரூபாயில் வைக்காமல் பைசாவில் வைப்பது. 10 ரூபாய் 10 பைசாவை 10.10 என்று எழுதாமல் 1010 பைசா என்று முழு எண்ணாக வைத்தால், முழு எண்ணைக் கூட்டுவதில் பிழையே வராது. ஆன்லைன் பேமென்ட் சேவைகள் சில, தொகையைப் பைசாவிலேயே அனுப்பச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு வழி, பத்தின் அடிப்படையிலேயே கணக்குப் போடும் வசதி:

```
>>> from decimal import Decimal
>>> Decimal('0.1') + Decimal('0.2')
Decimal('0.3')
```

மேற்கோள் குறி முக்கியம் மக்களே! அதை விட்டுவிட்டு `Decimal(0.1)` என்று எழுதினால், ஏற்கெனவே பிழையோடு பதிவான 0.1-தான் உள்ளே போகும். இந்த வசதியிலும் மூன்றில் ஒரு பங்கு முடியாமல்தான் நீளும். வேகமும் குறைவு. அதனால் எல்லாவற்றுக்கும் இதைப் பயன்படுத்துவதில்லை, காசு கணக்குக்கு மட்டும்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் பார்க்கும் ஒரு எண்ணின் வாலில் 00000004 என்றோ 99999999 என்றோ இலக்கங்கள் தொங்கினால், அது ரவுண்டிங் பிழை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஷீட்டில் இரண்டு தொகைகள் ஒன்றாகவே தெரிந்தும் 'பொருந்தவில்லை' என்று வந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள். `5.55E-17` மாதிரி ஒரு எண் வந்தால் உங்கள் கணக்கு சரிதான், கம்ப்யூட்டரின் பின்னம்தான் காரணம்.

ஆனால் அந்த வித்தியாசம் நேரம் போகப் போக வளர்கிறதா என்பதையும் பாருங்கள். நிலையாக நிற்கும் பிழையோடு வாழ்ந்துவிடலாம். தஹ்ரானில் இருந்தது மணிக்கு மணி வளர்ந்த பிழை. 8 மணி நேரத்தில் 55 மீட்டர், 20 மணி நேரத்தில் 137 மீட்டர், 100 மணி நேரத்தில் 687 மீட்டர்.